உட்கார்ந்து எழ ஏழு குறிப்புகள்

ஜிம்மில் பயிற்சியாளர் நம்மைப் பார்த்துக்கொண்டே சொல்லித் தருகிறார். முட்டி உள்ளே சாய்ந்தால் நிறுத்தச் சொல்கிறார், முதுகு கூன் விழுந்தால் தொட்டுக் காட்டுகிறார். வீட்டில் ஃபோனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, அதில் ஒருவர் செய்வதைப் பார்த்து நாமும் செய்யும்போது அந்தக் கண் நமக்குக் கிடைப்பதில்லை. நாம் அவரைப் பார்க்கிறோம், அவர் நம்மைப் பார்ப்பதில்லை. அதனால் பயிற்சியைச் சரியாகச் செய்கிறோமா என்று சோதிக்க உதவும் வீடியோவுக்கு ஸ்கிரிப்ட் எழுதுவது தனி வேலை. அதில் வரும் ஒவ்வொரு குறிப்பையும் பார்ப்பவர் தன் உடம்பை வைத்தே சரிபார்த்துக்கொள்ள முடிய வேண்டும். ‘முதுகை நேரா வையுங்க’ என்று சொல்லிப் பயனில்லை. தன் முதுகு நேராக இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. ‘குதிகால் தரையை விட்டுக் கிளம்புதா பாருங்க’ என்றால் அந்தக் கணமே தெரிந்துவிடும்.

இப்படியொரு ஸ்கிரிப்ட் எப்படி உருவாகிறது என்பதை ஒரே பயிற்சியை வைத்துப் பார்க்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. ஜிம்காரர்கள் ஸ்குவாட் என்று சொல்வதன் எளிய வடிவம் இது. கருவி வேண்டாம், வயது வரம்பு இல்லை. முதியவர்களின் கால் வலிமையை அளக்க மருத்துவ உலகில் பயன்படும் சோதனை ஒன்றும் இதுதான். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரிலுள்ள மாநிலப் பல்கலைக்கழகத்தில் ரிக்லி, ஜோன்ஸ் ஆகியோர் வகுத்து 1999-ல் வெளியிட்ட அந்தச் சோதனையில், சுமார் 43 சென்டிமீட்டர் உயர நாற்காலியில் கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழ முடிகிறது என்று எண்ணுவார்கள். அங்கே எண்ணிக்கைதான் முக்கியம். நம் வீடியோவில் அவசரமே கூடாது. எட்டே முறை, ஒவ்வொன்றும் நிதானமாக.

ஸ்கிரிப்ட்டின் முதல் வரி உடம்பைப் பற்றியதல்ல, நாற்காலியைப் பற்றியது. நம் வீடுகளில் கைக்கு முதலில் அகப்படுவது பிளாஸ்டிக் நாற்காலி. வழவழப்பான டைல்ஸ் தரையில் அதன் மேல் பின்பாரமாக உட்கார்ந்தால் பின்னங்கால்கள் வழுக்கும், சில சமயம் அகன்றும் போகும். பயிற்சியில் நிகழக்கூடிய மிக மோசமான விபத்து, உட்காரப் போகும்போது நாற்காலி பின்னால் நகர்ந்துவிடுவதுதான். ஆகவே காட்சி தொடங்கும்போதே செய்துகாட்டுபவர் மர நாற்காலி ஒன்றை இழுத்து, அதன் முதுகு சுவரில் முட்டும்படி வைத்து, இருக்கையைக் கையால் அழுத்தி அசைத்துப் பார்க்க வேண்டும். சக்கர நாற்காலி, மடக்கு நாற்காலி, உள்ளே அமுங்கும் சோபா எதுவும் வேண்டாம் என்று குரலில் சொல்ல வேண்டும். கால் வெறுங்காலாக இருக்கலாம், பிடிப்புள்ள ஷூவாகவும் இருக்கலாம். சாக்ஸ் மட்டும் போட்டுக்கொண்டு டைல்ஸில் நிற்கக் கூடாது.

செய்துகாட்டுபவரின் உடையும் ஸ்கிரிப்ட்டில் இடம்பெற வேண்டிய விஷயம். பார்ப்பவர் புடவையிலோ நைட்டியிலோ வேட்டியிலோ இருக்கலாம், அது அவர் விருப்பம், கால் தடுக்காதபடி தூக்கிச் செருகிக்கொண்டால் போதும். செய்துகாட்டுபவரின் முட்டியும் கணுக்காலும் மட்டும் கட்டாயம் தெரிய வேண்டும், இல்லையென்றால் முட்டியைப் பற்றிய குறிப்பைப் படத்தில் பார்த்துப் புரிந்துகொள்ள வழியில்லை. கேமரா இடுப்பு உயரத்தில், முன்பக்கத்துக்கும் பக்கவாட்டுக்கும் நடுவே சாய்வாக நிற்கட்டும். நேர் முன்னாலிருந்து எடுத்தால் இடுப்பு பின்னால் போவது தெரியாது. முழுப் பக்கவாட்டில் எடுத்தால் முட்டி உள்ளே சாய்வது தெரியாது.

இனி குறிப்புகள். ஒரு முறை உட்கார்ந்து எழ ஒரு குறிப்பு மட்டுமே என்ற கட்டுப்பாடு எதற்கு? நன்றாகத் தெரிந்தவர் சொல்லித் தரும்போது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவது வழக்கம்: பாதம் அகலமா, முட்டி வெளியே, இடுப்பு பின்னாடி, நெஞ்சு நிமிர்ந்து, மூச்சை விடு. கேட்பவர் எதைப் பிடித்துக்கொள்வார்? கடைசியாகக் கேட்டதை. மற்றதெல்லாம் காற்றோடு போகும். அதோடு, ஐந்தையும் ஒரே நேரத்தில் நினைத்துக்கொண்டு அசைந்தால் அசைவே விறைத்துப் போகும். ஒரு முறைக்கு ஒன்று என்றால் அதை மட்டும் கவனித்து, நடந்ததா இல்லையா என்று தானே தெரிந்துகொண்டு, அடுத்ததற்குப் போகலாம்.

குறிப்பு எப்போது காதில் விழ வேண்டும் என்பதும் முக்கியம். உட்கார்ந்துகொண்டே இருக்கும்போது பேசினால், என்ன செய்ய வேண்டும் என்று வாக்கியத்தின் கடைசி வார்த்தை சொல்லி முடிப்பதற்குள் பார்ப்பவர் உட்கார்ந்தே விடுவார். ஆகவே நின்றுகொண்டிருக்கும் இடைவெளியில் குறிப்பைச் சொல்லி முடித்துவிட்டு, அரை விநாடி விட்டு, அசைவு தொடங்கட்டும். இறங்க மூன்று விநாடி, இருக்கையில் ஒரு விநாடி, எழ இரண்டு விநாடி. அந்த ஆறு விநாடியும் குரல் பேசக் கூடாது. எழும்போது செய்ய வேண்டியதைப் பற்றிய குறிப்பானால், இருக்கையில் இரண்டு மூன்று விநாடி கூடுதலாக உட்காரவைத்து அங்கே சொல்லலாம். குறிப்பு நான்கைந்து வார்த்தைக்கு மேல் போகக் கூடாது.

வரிசையையும் மனம்போனபடி அமைக்க முடியாது. பாதம் தவறாக இருந்தால் முட்டி தவறும், முட்டி தவறினால் இடுப்பும். அதனால் தரையிலிருந்து மேலே போக வேண்டும்.

முதல் முறை, பாதத்துக்கு: ‘குதிகால், பெருவிரல் அடி, சுண்டுவிரல் அடி, மூணும் தரையில பதியட்டும்.’ இதற்கான சோதனை எளிது. உட்காரும்போதோ எழும்போதோ குதிகால் தூக்கினால் தெரிந்துவிடும். தூக்கினால் பெரும்பாலும் காரணம் கணுக்கால் போதுமான அளவு மடங்காததுதான். பாதத்தைக் கொஞ்சம் அகலமாக வைத்து, விரல்களைச் சற்று வெளிப்பக்கம் திருப்பினால் பலருக்குச் சரியாகிவிடும். அதையும் இந்த முறையிலேயே சேர்த்துச் சொல்லிவிடத் தோன்றும், ஆனால் சொல்லக் கூடாது. தொடக்கத்தில் நிற்கும் நிலையைக் காட்டும்போதே பாதங்கள் தோள் அகலத்தில், விரல்கள் சற்று வெளியே பார்த்தபடி இருந்துவிட்டால் போதும்.

இரண்டாவது, இடுப்புக்கு: ‘பின்னாடி நகர்ந்து நாற்காலியைத் தேடுங்க.’ இதை ‘இடுப்பு மூட்டை மடக்குங்க’ என்று எழுதாமல் விடுவதற்கு ஆராய்ச்சி ஆதாரமே உண்டு. உடலசைவுகளை மனிதர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்று ஆராய்ந்தவர் கேப்ரியேல வுல்ஃப். 1998-ல் அவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், பனிச்சறுக்கு போல இடம் வலமாக அசையும் ஒரு கருவியில் ஆட்களை ஏற்றினார்கள். ஒரு குழுவிடம் பாதத்தால் தரும் அழுத்தத்தைக் கவனிக்கச் சொன்னார்கள். இன்னொரு குழுவிடம் கால்களுக்குக் கீழேயுள்ள சக்கரங்களின் மேல் விழும் அழுத்தத்தைக் கவனிக்கச் சொன்னார்கள். இரண்டுக்கும் இடையே சில சென்டிமீட்டர்தான் தூரம். ஆனால் சக்கரத்தைக் கவனித்தவர்கள்தான் நன்றாகக் கற்றார்கள். உடம்புக்கு வெளியே ஏதோ ஒன்றில் கவனத்தை வைத்தால் தசைகள் தம் வேலையைத் தாமே ஒழுங்குபடுத்திக்கொள்கின்றன. நாற்காலியைத் தேடச் சொன்னால் இடுப்பு தானாகவே மடங்கும்.

மூன்றாவது, முட்டிக்கு. இங்கேதான் அதிகத் தவறு நடக்கிறது, அதுவும் இறங்கும்போதைவிட இருக்கையிலிருந்து கிளம்பும் அந்த முதல் நொடியில். தொடையும் பிட்டமும் பாரத்தை ஏற்க வேண்டிய இடம் அது. அவற்றுக்கு வலு போதவில்லை என்றால் இரண்டு முட்டிகளும் ஒன்றையொன்று நோக்கிச் சரியும். அதனால் இந்தக் குறிப்பை மட்டும் நின்றுகொண்டிருக்கும்போது சொல்லாமல், இருக்கையில் உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். ஸ்கிரிப்ட் தாளில் அது இப்படி இருக்கும்:

காட்சி: செய்துகாட்டுபவர் இருக்கையில், இரண்டு முட்டியும் தெரியும்படி. மூன்று விநாடி அசைவில்லை.
குரல்: ‘முட்டி ரெண்டாவது விரலைப் பார்த்தபடியே எழுங்க.’
காட்சி: எழுகிறார், இரண்டு விநாடி. குரல் இல்லை.
திரை: எழுத்து எதுவும் இல்லை.

முட்டியைப் பற்றிப் பேசும்போது நம்மூரில் பரவலாகச் சொல்லப்படும் ஒரு விதியையும் பார்க்க வேண்டும். ‘முட்டி கால்விரலைத் தாண்டிப் போகக் கூடாது’ என்பது அது. ஃப்ரை, ஸ்மித், ஷில்லிங் ஆகியோர் 2003-ல் இதைச் சோதித்தார்கள். எடை தூக்கிப் பழகிய ஆண்களிடம் தோளில் பாரத்தை ஏற்றி, ஒரு முறை இயல்பாக ஸ்குவாட் செய்யச் சொன்னார்கள். மறுமுறை முட்டி விரலைத் தாண்டாதபடி முன்னால் ஒரு மரப்பலகையை வைத்தார்கள். பலகை வைத்தபோது முட்டியில் விழுந்த முறுக்குவிசை சுமார் 22 சதவீதம் குறைந்தது. அதே நேரம் இடுப்பில் அது பத்து மடங்குக்கும் மேல் கூடியது, உடலும் முன்னால் அதிகம் குனிந்தது. முட்டியைக் காப்பாற்றப் போய் பாரத்தை இடுப்புக்கும் கீழ்முதுகுக்கும் தள்ளிவிட்டார்கள். அது பாரத்தோடு செய்த ஆய்வு, நாற்காலிப் பயிற்சியில் விசை இவ்வளவு இருக்காது. ஆனாலும், முட்டி சற்று முன்னால் போனால் போகட்டும் என்பதே என் நிலைப்பாடு. பக்கவாட்டில் உள்ளே சாயாமல் இருக்கிறதா என்பதுதான் கண்காணிக்க வேண்டியது. அதனால் இந்த விதியை ஸ்கிரிப்ட்டில் சேர்ப்பதில்லை.

நான்காவது, நெஞ்சுக்கு: ‘சட்டைப் பொத்தான் எதிர்ச் சுவரைப் பார்க்கட்டும்.’ உடல் சிறிது முன்னே சாயத்தான் வேண்டும், சாயாமல் யாராலும் எழ முடியாது. தோள் சுருண்டு பொத்தான்கள் தரையைப் பார்க்கத் தொடங்கினால்தான் பிரச்சினை. இங்கே ஃபோன் எங்கே இருக்கிறது என்பதும் குறுக்கே வரும். தரையில் வைத்தால் அதைப் பார்க்கத் தலை கவிழும், தலையோடு முதுகும் வளையும். எனவே ஆரம்பத்திலேயே ‘ஃபோனை மேசை உயரத்துல வையுங்க’ என்று ஒரு வரி இருக்க வேண்டும்.

ஐந்தாவது, மூச்சுக்கு: ‘எழும்போது மூச்சை வெளியே விடுங்க.’ முக்கி மூச்சடக்கி எழுந்தால் ரத்த அழுத்தம் சட்டென்று உயர்ந்து, மூச்சை விட்டதும் இறங்கும். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவருக்கு அந்த ஏற்ற இறக்கத்தில் தலை கிறுகிறுக்கலாம். சரிபார்க்க ஒரு வழி: எழும்போது வாய்விட்டு எண்ணிக்கையைச் சொல்ல முடிகிறதா என்று பார்ப்பது. பேசிக்கொண்டே மூச்சை அடக்க முடியாது.

ஆறாவது, வேகத்துக்கு: ‘நாற்காலிக்குச் சத்தம் வராம உட்காருங்க.’ தொப்பென்று விழுந்து உட்காருபவருக்குத் தொடைத் தசை வேலை செய்யவே இல்லை, கடைசி ஒரு சாண் உயரத்தைப் புவியீர்ப்பு பார்த்துக்கொண்டது. அந்த அதிர்ச்சி முதுகெலும்பில் இறங்கும், எலும்புத் தேய்வு உள்ளவர்களுக்கு அது நல்லதல்ல. இந்தக் குறிப்புக்கு விடை காதிலேயே கேட்டுவிடும். எனக்கு மிகப் பிடித்த குறிப்பு இது.

ஏழாவது, சமநிலைக்கு: ‘ரெண்டு காலுக்கும் ஒரே பாரம் கொடுங்க.’ ஒரு முட்டியில் முன்பு வலி இருந்தவர்கள் மற்றக் காலில் சாய்ந்து எழுவார்கள், வலி போன பிறகும் பழக்கம் போகாது. எழுந்து நின்றதும் எந்தக் குதிகால் அதிகமாக அழுந்துகிறது என்று கவனித்தால் புரியும்.

எட்டாவது முறைக்குக் குறிப்பே இல்லை. ‘இது உங்க முறை’ என்று மட்டும் சொல்லிவிட்டு குரல் நிற்கும். 1984-ல் சல்மோனி, ஷ்மிட், வால்டர் ஆகியோர் அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்து எழுதிய கட்டுரை இதற்கு அடிப்படை. ஒவ்வொரு முயற்சிக்கும் பின்னூட்டம் கிடைத்துக்கொண்டே இருந்தால் பயிற்சி நேரத்தில் நன்றாகச் செய்வார்கள், ஆனால் பின்னூட்டத்தை நிறுத்தியதும் தடுமாறுவார்கள். அதையே நம்பத் தொடங்கிவிடுவதுதான் காரணம். வீடியோ பார்த்தால் மட்டும் சரியாக உட்கார்ந்து எழுந்து என்ன பயன்? பேருந்து இருக்கையிலிருந்தும் குளியலறை முக்காலியிலிருந்தும் எழும்போது எந்தக் குரலும் வராது.

இனித் திரையில் வரும் எழுத்துகள். குரல் சொன்னதையே திரையிலும் எழுதுவது பரவலான பழக்கம். இந்த வகை வீடியோவில் அது கேடு. ஒரே விஷயத்தைக் காதும் கண்ணும் ஒரு சேரத் துரத்தும்போது, செய்துகாட்டுபவரின் முட்டியைப் பார்க்க வேண்டிய கண் எழுத்தைப் படிக்கப் போய்விடும். எனவே வேலையைப் பிரித்துவிட வேண்டும். எப்படிச் செய்வது என்பதைக் குரல் சொல்லும், எப்போது செய்யக் கூடாது என்பதைத் திரை சொல்லும். காது கேளாதவர்களுக்கான வசன எழுத்து தனி, அதைத் தேவைப்படுபவர் போட்டுக்கொள்ளும்படி வைக்கலாம்.

பாதுகாப்பு எழுத்து நான்கே இடத்தில் போதும். தொடக்கத்தில், ‘நாற்காலி சுவரை ஒட்டி இருக்கட்டும்.’ அடுத்தது, ‘மூட்டு அறுவை சிகிச்சை, இதய நோய், எழுந்தால் தலைசுற்றல்: முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.’ அண்மையில் இடுப்பு மூட்டு மாற்றியவருக்கு எவ்வளவு மடக்கலாம் என்பதை அவருடைய மருத்துவர்தான் சொல்ல முடியும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் பார்ப்பார்கள், ஆகவே இந்த இரண்டை மட்டும் குரலிலும் ஒரு முறை சொல்லிவிட வேண்டும். மூன்றாவது எழுத்து நான்காம் முறைக்கும் ஐந்தாம் முறைக்கும் நடுவே, எல்லோரும் நின்றுகொண்டிருக்கும் இடைவெளியில்: ‘தொடை எரிந்தால் பரவாயில்லை. மூட்டில் குத்தினால் உட்காருங்கள்.’ கடைசியில் வருவது, ‘நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, வியர்வை: உடனே 108.’

‘நிறுத்துங்கள்’ என்று எழுதாமல் ‘உட்காருங்கள்’ என்று எழுதக் காரணம் உண்டு. தலை சுற்றுகிற ஒருவர் நிறுத்தினால் நின்ற இடத்திலேயே நிற்பார், விழுவார். பின்னாலேயே நாற்காலி இருக்கிறது.

எழுத்தின் அளவைப் பலர் கையில் ஃபோனைப் பிடித்தபடியே முடிவு செய்கிறார்கள். பயிற்சி செய்பவர் ஃபோனிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நிற்கிறார். மெல்லிய தமிழ் எழுத்துருவில் அந்தத் தூரத்திலிருந்து முதலில் காணாமல் போவது புள்ளி. பிறகு ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் ஒன்றாகத் தெரியும். தடித்த எழுத்து, அடியில் ஒரே நிறப் பட்டை, இரண்டு வரிக்கு மேல் இல்லை, குறைந்தது ஐந்து விநாடி. இணையப் பக்கங்களுக்கான அணுகல் விதிகளில் சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு 4.5:1 ஆவது இருக்க வேண்டும் என்று இருக்கிறது, அதை இங்கேயும் கீழ்வரம்பாக வைத்துக்கொள்ளலாம். எழுத்தைத் திரையின் மேல்பகுதியில் வைக்க வேண்டும். கீழே வைத்தால் பாதத்தை மறைக்கும், அதோடு ஃபோனில் அந்த இடத்தைச் செயலியின் பொத்தான்கள் பிடித்துக்கொள்ளும்.

எல்லாம் முடிந்ததும் உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத ஒருவரை அழைத்து வீடியோவைப் போட்டுவிட்டு, திரையைப் பார்க்காமல் அவரைப் பார்க்க வேண்டும். எங்கள் தெருவில் அறுபதைத் தாண்டிய அக்கா ஒருவர் அப்படிச் செய்துகாட்டினார். இரண்டாவது குறிப்பைக் கேட்டதும் தலையைத் திருப்பி நாற்காலி எங்கே என்று பார்த்தார், ‘தேடுங்க’ன்னுதானே சொன்னீங்க என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். உட்காரும்போது கழுத்தைத் திருப்பினால் நிலை தடுமாறும். குறிப்பு ‘பின்பக்கத்தால நாற்காலியைத் தேடுங்க’ என்று ஆனது. இரண்டு வார்த்தை போய் ஒன்று வந்தது, அடுத்த தடவை அவர் தலை திரும்பவில்லை.

கையை ஊன்றாமல் எழவே முடியாதவர்களுக்கு இந்த எட்டு முறையைக் கொஞ்சம் சுலபமாக்கித் தந்தால் போதாது, அவர்களுக்குத் தனி ஸ்கிரிப்ட் எழுத வேண்டும். நாற்காலியில் கெட்டியான தலையணை வைத்து இருக்கையை உயர்த்தி, கைப்பிடி உள்ள நாற்காலியாகப் பார்த்து, நிற்பதிலிருந்து தொடங்காமல் உட்கார்ந்த நிலையிலிருந்தே தொடங்க வேண்டும். அவர்களுக்கு முதல் குறிப்பு ‘நாற்காலி நுனிக்கு நகர்ந்து வாங்க.’ இரண்டாவது, பாதத்தை முட்டிக்குச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொள்வது. மூன்றாவது, ஃபிசியோதெரபிஸ்டுகள் நாள் முழுக்கச் சொல்லும் ஒன்று: ‘மூக்கு கால்விரலுக்கு மேல வரட்டும், அப்புறம் எழுங்க.’ மூக்கு அங்கே வந்துவிட்டால் உடலின் பாரம் பாதத்துக்கு மேல் வந்துவிட்டது என்று அர்த்தம், அதன் பிறகு கை கொஞ்சம் உதவினால் போதும். இதில் எட்டு முறை கிடையாது, மூன்றோ நான்கோதான். நடுவில் உட்கார்ந்தபடியே ஓய்வெடுக்க அரை நிமிடம், அந்த அரை நிமிடமும் குரல் பேசாது.